நிராகரிப்புகளை ஓட்டுகளைப் போல எண்ணாதீர்கள்

வேலை தேடிக் களைத்துப்போனவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் தொழில். நான் ஒரு உளவியல் ஆலோசகர். வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஏதாவதொரு கட்டத்தில் ஒரே கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்: “இத்தனை பேர் வேண்டாம்னு சொல்றாங்கன்னா, என்கிட்ட ஏதோ குறை இருக்கணும்தானே?” போன வாரம் மறுபடியும் ஒருவர் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, இந்தக் கணக்கை அவர் தலையில் ஏற்றிவிட்டவர்கள் மேல். “திறமை இருந்தா இந்நேரம் கிடைச்சிருக்குமே” என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கேட்டவர் இரவு முழுக்க அதை உருட்டிக்கொண்டு கிடக்கிறார்.

அந்தக் கணக்கு தப்பு. எப்படித் தப்பு என்பதை ஒருவரின் தேடலை வைத்தே காட்டுகிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணக்குப் பிரிவில் பல வருட அனுபவம் உள்ள பெண். நிறுவனம் அந்தப் பிரிவையே மூடியதால் வேலை போனது. 11 மாதத் தேடலுக்குப் பிறகு என்னிடம் வந்தபோது அவர் சொன்ன முதல் விஷயம், “தொண்ணூறு பேர் என்னை வேண்டாம்னுட்டாங்க.”

தொண்ணூறையும் ஒரு தாளில் பிரித்து எழுதச் சொன்னேன். 64 விண்ணப்பங்களுக்குப் பதிலே வரவில்லை. 14 இடங்களில் நேர்காணலுக்கு முன்பே ‘வருந்துகிறோம்’ என்ற பொது மின்னஞ்சல். மீதி 12 இடங்களில் நேர்காணல். அதில் 8 முதல் சுற்றோடு நின்றன, 4 கடைசிச் சுற்று வரை போயின.

பதில் வராத அந்த 64 பேர் என்ன சொன்னார்கள்? ஒன்றுமே சொல்லவில்லை. அந்த இடத்துக்கு உள்ளேயே ஆள் முடிவாகியிருக்கலாம். வேலைக்கு ஒதுக்கிய பணம் நின்றுபோயிருக்கலாம், விளம்பரம் மட்டும் எடுக்கப்படாமல் கிடந்திருக்கலாம். முதலில் வந்த சில டஜன் விண்ணப்பங்களைப் பார்த்துவிட்டு மற்றதைத் திறக்காமலே விட்டிருக்கலாம். இவரைப் பார்க்காதவர்கள் இவரை எப்படி வேண்டாம் என்று சொல்ல முடியும்? பொது மின்னஞ்சல் வந்த 14ம் கிட்டத்தட்ட இதே கதைதான். அதிகம் போனால் அவை பயோடேட்டாவைப் பற்றி ஏதாவது சொல்லும். பயோடேட்டா ஒரு தாள், அதைத் திருத்தி எழுதலாம்.

கடைசிச் சுற்றில் போன அந்த நாலுதான் அவரை உடைத்திருந்தது. “அவ்வளவு கிட்ட வந்தும் என்னை எடுக்கலைன்னா...” என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் நிறுத்தினார். சரி, ஒவ்வொரு கடைசிச் சுற்றிலும் சமமான தகுதியுள்ள நாலு பேர் இருந்ததாக வைத்துக்கொள்வோம். இடம் ஒன்று. ஒரு தடவை கிடைக்காமல் போக நாலில் மூன்று வாய்ப்பு. நாலு தடவையும் தொடர்ந்து கிடைக்காமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 32 சதவீதம். அதாவது, குறையே இல்லாத மூன்று பேரில் ஒருவருக்கு இப்படித்தான் நடக்கும். இதைச் சொன்னதும் அவர் பேனாவை வாங்கித் தானே ஒருமுறை பெருக்கிப் பார்த்தார். கணக்குப் பார்க்கிறவர் இல்லையா.

உண்மையில் பாடம் இருந்தது முதல் சுற்றோடு நின்ற எட்டில். ஒவ்வொன்றாக நினைவுபடுத்தியபோது, ஐந்தில் ஒரே மென்பொருளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இவர் பழைய வேலையில் அதைத் தொட்டதே இல்லை. இது சில வாரத்தில் படித்துவிடக்கூடிய விஷயம். தொண்ணூறு நிராகரிப்பையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு திரிந்ததில், பயன்படக்கூடிய இந்த ஒரே செய்தி அவர் கண்ணில் படவே இல்லை.

இந்தத் தப்புக் கணக்கு மனதைக் கெடுப்பதோடு நிற்பதில்லை, தேடலையும் கெடுக்கிறது. எட்டாவது மாத வாக்கில், நேர்காணலில் யாரும் கேட்பதற்கு முன்பே அவர் தன் இடைவெளிக்காக மன்னிப்புக் கேட்க ஆரம்பித்திருந்தார். தன் அனுபவத்துக்குப் பல படி கீழே உள்ள வேலைகளுக்கு விண்ணப்பித்திருந்தார். அங்கே ‘இவர் நிலைக்க மாட்டார்’ என்று ஒதுக்கினார்கள். அதையும் தொண்ணூறில் சேர்த்துக்கொண்டார்.

என் சக ஆலோசகர்களுக்கு ஒரு வார்த்தை. “பாசிட்டிவா நினைங்க” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 1994ல் வெளியான ஓர் ஆய்வில், வேலையிழந்த பொறியாளர்கள் போன்ற 63 பேரில் ஒரு குழுவினர் அந்த இழப்பைப் பற்றித் தங்கள் மனதில் உள்ளதை ஒளிக்காமல் எழுதினார்கள். நாளுக்கு 20 நிமிடம், ஐந்து நாள். எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேலை கிடைத்தது. இத்தனைக்கும் அவர்கள் கூடுதலாக விண்ணப்பிக்கவில்லை. கசப்பு நேர்காணல் அறைக்குள் கூடவே போகவில்லை என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஒரே ஒரு சிறிய ஆய்வு, அதை வைத்து உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் என்னிடம் வருகிறவர்களை எழுதச் சொல்கிறேன். எழுதி முடித்ததும் கொஞ்ச நேரம் மனம் கனக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

தேடிக்கொண்டிருப்பவர்கள் செய்ய வேண்டியது. பதில் வந்திருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்காதீர்கள், ஒரு நேரம் வைத்துப் பாருங்கள். படுக்கப் போகும் முன் கண்டிப்பாக வேண்டாம். ‘இல்லை’ என்று வந்த அன்றே பயோடேட்டாவில் கை வைக்காதீர்கள். அடுத்த நாள் வரை பொறுங்கள், இல்லாவிட்டால் நன்றாக இருந்ததையும் அழித்துவிடுவீர்கள். ஒவ்வொரு நிராகரிப்பும் எந்தக் கட்டத்தில் வந்தது என்று குறித்து வையுங்கள். நேர்காணல் வரை போன இடத்தில் மட்டும், ஒரே ஒரு தடவை, “நான் எந்தத் திறனை வளர்த்துக்கொண்டால் இந்த வேலைக்குப் பொருந்துவேன்?” என்று எழுதிக் கேளுங்கள். “ஏன் எடுக்கவில்லை?” என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அப்புறம், உங்கள் கைத்திறன் வேறு யாருக்காவது பயன்படும் ஒரு காரியத்தை வாரா வாரம் செய்யுங்கள். அந்தப் பெண் ஒரு சிறு சங்கத்தின் கணக்கை எழுதிக் கொடுத்தார். தனக்கு வேலை தெரியும் என்பதை வேறொருவர் சொல்லித்தான் நம்ப வேண்டும் என்ற நிலை அதில் மெல்ல மாறியது.

எல்லாமே இப்படிச் சரியாகிவிடாது. பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டே இருந்து, தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது வேலை தேடும் சோர்வு மட்டும் இல்லை. மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வீட்டில் இருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். “என்ன ஆச்சு?” என்று தினமும் கேட்காதீர்கள். வாரத்தில் ஒரு நாளை இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள், அன்று அவரே சொல்லட்டும். மற்ற நாட்களில், வீட்டில் எடுக்க வேண்டிய முடிவுகளுக்கு முன்பு எப்படி அவரிடம் யோசனை கேட்டீர்களோ, அப்படியே இப்போதும் கேளுங்கள்.