முப்பதும் இருபதும் ஐம்பது ஆகாத விலைச்சீட்டு

வாசகர் ஒருவர் விலைச்சீட்டு ஒன்றைப் படம்பிடித்து அனுப்பியிருக்கிறார். அச்சிட்ட விலை 2000. அதன் கீழே 30% தள்ளுபடி. ஓரத்தில் பிறகு ஒட்டிய சிறு சீட்டில் ‘மேலும் 20%’. இந்தப் படத்தை வைத்து ஒரு கணக்கு கேட்டிருக்கிறார்கள்: இரண்டு தள்ளுபடியும் கொடுத்த பிறகும் கடைக்காரருக்கு 12% இலாபம் கிடைக்கிறது என்றால், அடக்க விலை எவ்வளவு? வாசகருக்கு வந்த விடை 892.86. விடைக்குறிப்பில் இருப்பதோ 1000. எது சரி என்று கேட்கிறார்.

விடைக்குறிப்புதான் சரி. வாசகர் 30, 20 இரண்டையும் கூட்டி 50% என்று கொண்டு, விற்ற விலையை 1000 ஆக்கிவிட்டார். உண்மையில் முதல் தள்ளுபடியில் 600 குறைந்து விலை 1400 ஆகிறது. ‘மேலும் 20%’ கணக்கிடப்படுவது இந்த 1400-இல்தான். அது 280. விற்ற விலை 1120, மொத்தத் தள்ளுபடி 44%.

மீதி 6% எங்கே போனது? a + b − ab/100 என்ற சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள் உடனே விடை சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தக் கடைசி உறுப்பு ஏன் கழிக்கப்படுகிறது என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பலர் தயங்குவார்கள். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதும் முன் ஒரு சதுரத்தை வரைந்து காட்டியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பத்துக்குப் பத்து கட்டங்கள் கொண்ட சதுரம் ஒன்றை வரையுங்கள். மொத்தம் 100 கட்டங்கள். அதுதான் அச்சிட்ட விலை. ஒவ்வொரு கட்டமும் 1%, அதாவது 20. வலது ஓரத்திலிருந்து மூன்று செங்குத்து வரிசைகளை வெட்டி எடுத்தால் 30 கட்டங்கள் போய்விடும். அடுத்து, மேலிருந்து இரண்டு கிடை வரிசைகளை வெட்டுங்கள். முழுச் சதுரமாக இருந்திருந்தால் இதில் 20 கட்டங்கள் போயிருக்கும். இப்போது ஒரு வரிசைக்கு ஏழு கட்டங்களே மிஞ்சியிருப்பதால் 14 மட்டுமே போகின்றன. மேல் வலது மூலையில் இருந்த ஆறு கட்டங்களை முதல் வெட்டே எடுத்துச் சென்றுவிட்டது. இல்லாததை மறுபடி வெட்ட முடியாது. சூத்திரத்தில் வரும் ab/100 இந்த மூலைதான். 30-ஐயும் 20-ஐயும் கூட்டுகிறவர் அந்த மூலையை இருமுறை கழிக்கிறார்.

வெட்டும் வரிசையை மாற்றிப் பார்த்தாலும் அழகு குறையவில்லை. முதலில் கிடை வரிசைகளில் 20, பிறகு எட்டுக் கட்ட உயரமுள்ள மூன்று செங்குத்து வரிசைகளில் 24. ஏழுக்கு எட்டாக அதே 56 கட்டங்கள் மிஞ்சுகின்றன. எந்தத் தள்ளுபடி முதலில் வந்தாலும் விலை மாறாது.

இனி இலாபம். பள்ளிக் கணக்கில் இலாப சதவீதம் அடக்க விலையின் மீது கணக்கிடப்படுகிறது. ஆகவே 1120 என்பது அடக்க விலையைப் போல 1.12 மடங்கு, வகுத்தால் 1000. இங்கே இன்னொரு வழுக்கல் உண்டு. 1120-இலிருந்து 12% கழித்து 985.60 என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சரிபார்ப்பது எளிது: 985.60-உடன் அதன் 12 சதவீதத்தைக் கூட்டினால் 1104-ஐக்கூட எட்டாது.

அந்த மூலைக்கு மறுபடி வாருங்கள். ஆறு கட்டங்கள், கட்டத்துக்கு 20, மொத்தம் 120. கடைக்காரரின் இலாபமும் 1120 − 1000 = 120. அடக்க விலை 1000 உள்ள பொருளை, தள்ளுபடிகளைக் கூட்டி 1000-க்கே விற்றிருந்தால் இலாபம் முழுவதும் கரைந்திருக்கும். அதே 120, அச்சிட்ட விலையில் 6%. அடக்க விலையில் 12%. விற்ற விலையில் ஏறத்தாழ 10.7%. எதில் இத்தனை சதவீதம் என்று சொல்லாவிட்டால் சதவீதத்துக்குப் பொருளே இல்லை. 30 சதவீதத்துக்குப் பிறகு மொத்தத் தள்ளுபடி சரியாகப் பாதியாக வேண்டுமானால், இரண்டாவது தள்ளுபடி ஏறத்தாழ 28.57% இருக்க வேண்டும்.

இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. இரண்டு தள்ளுபடிகளும் அச்சிட்ட விலையின் மீதே என்று சீட்டில் தெளிவாக எழுதியிருந்தால் அவற்றைத் தாராளமாகக் கூட்டலாம். ஒன்று சதவீதமாக இல்லாமல் குறித்த தொகையாக இருந்தால், வரிசை மாறும்போது விலையும் மாறும். 2000-இல் முதலில் 20% கழித்து, பிறகு 200 கழித்தால் 1400; முதலில் 200 கழித்து, பிறகு 20% கழித்தால் 1440. ஆகவே கூப்பனை நீட்டும் முன், அதை எந்த நிலையில் கழிப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சதவீதத் தள்ளுபடிக்குப் பிறகு கழிப்பதுதான் வாங்குபவருக்கு இலாபம்.