குறைந்த விலையில் பங்கு வாங்கப் புட் விற்பது: ஸ்ட்ரைக் தேர்வும் ஒதுக்க வேண்டிய பணமும்

ஒரு பங்கை இன்றைய விலைக்குக் கீழே வாங்க நினைப்பவர், தான் குறித்த விலையிலோ அதற்குக் கீழேயோ மட்டும் வாங்கச் சொல்லும் லிமிட் ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். அல்லது அந்தப் பங்கின் புட் ஆப்ஷனை விற்று, அதாவது பங்கை ஸ்ட்ரைக் எனப்படும் முன்குறித்த விலையில் தன்னிடம் விற்கும் உரிமையைக் குறிப்பிட்ட நாள்வரை இன்னொருவருக்குக் கொடுத்து, ஸ்ட்ரைக் விலையில் பங்கை வாங்கத் தேவையான முழுப் பணத்தையும் தனியே எடுத்து வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். இரண்டாவது வழியில் அந்த உரிமைக்கான விலையான பிரீமியம் கையில் வந்துவிடுவதால், லிமிட் ஆர்டரையே பணம் வாங்கிக்கொண்டு போடுவது போன்றது இது என்று என்னிடம் முதலீட்டு ஆலோசனைக்கு வருபவர்களில் பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் சரி. மீதிப் பாதி எங்கே பிசகுகிறது என்று தெரிந்தால்தான் ஸ்ட்ரைக் விலையையும் ஒதுக்க வேண்டிய பணத்தையும் சரியாக முடிவு செய்ய முடியும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். பங்கின் இன்றைய விலை 500. நிறுவனத்தை ஆராய்ந்து பார்த்ததில், 470 அல்லது அதற்குக் கீழே கிடைத்தால் வாங்கிப் பல ஆண்டுகள் வைத்திருக்கலாம் என்று ஒருவர் முடிவு செய்திருக்கிறார். ஒப்பந்தத்தின் அலகான ஒரு லாட்டுக்கு 100 பங்குகள் என்றும், ஆப்ஷன் காலாவதியாக 35 நாட்கள் இருக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். லாட் அளவு சந்தைக்குச் சந்தை மாறும். சந்தையில் 500 ஸ்ட்ரைக் புட் 18க்கும், 480 ஸ்ட்ரைக் 10க்கும், 460 ஸ்ட்ரைக் 5க்கும், 440 ஸ்ட்ரைக் 2க்கும் விலைபோகின்றன.

ஸ்ட்ரைக் விலையிலிருந்து பிரீமியத்தைக் கழித்தால், பங்கு நம் கைக்கு வரும்போது உண்மையில் எந்த விலைக்கு வந்ததாகும் என்பது தெரியும். 500 ஸ்ட்ரைக்கில் அது 482, 480இல் 470, 460இல் 455, 440இல் 438. நம் வரம்பு 470 என்பதால் 500 ஸ்ட்ரைக்கை, அதன் பிரீமியம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், அப்போதே ஒதுக்கிவிட வேண்டும். மறுமுனையில் 440 ஸ்ட்ரைக்கை விற்றால், ஒரு லாட்டுக்கு வெறும் 200 வாங்கிக்கொண்டு 44,000ஐ முடக்குகிறோம்; கட்டணங்கள் போக மிஞ்சுவது சொற்பம், பங்கு கைக்கு வரும் வாய்ப்பும் மிகக் குறைவு. ஆகவே போட்டி 480க்கும் 460க்கும் இடையில்தான். பங்கின் விலை ஒன்று நகர்ந்தால் புட்டின் விலை எவ்வளவு நகரும் என்பதைக் காட்டும் டெல்டா, 480 ஸ்ட்ரைக் புட்டில் 0.30ஐ ஒட்டி இருக்கும்; காலாவதியின்போது பங்கு 480க்குக் கீழே இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று என்று சந்தை கருதுவதாக அதைப் படிக்கலாம். 460இல் அது ஐந்தில் ஒன்றுக்கு அருகில். பங்கை வாங்குவதே நோக்கம் என்பவருக்கு நான் 480ஐத்தான் சொல்வேன். பிரீமியம் மட்டும் வந்தால் போதும், பங்கு வரவே கூடாது என்று மனம் சொல்லுமானால், அவர் செய்ய வேண்டிய வேலை இது அல்ல.

இனி லிமிட் ஆர்டரோடு ஒப்பிடுவோம். ஒருவர் 470இல் லிமிட் ஆர்டர் போட்டிருக்கிறார். இன்னொருவர் 480 புட்டை விற்றிருக்கிறார். பங்கு 474 வரை மட்டுமே இறங்கி, காலாவதி நாளில் அங்கேயே முடிந்தால், லிமிட் ஆர்டர் நிறைவேறாது. புட் விற்றவருக்கோ நிகரமாக 470இல் பங்கு வந்துவிடும். இதில் புட் விற்றவருக்கே லாபம். பங்கு இறங்காமல் 490இல் முடிந்தால், லிமிட் ஆர்டர் போட்டவருக்கு ஒன்றுமில்லை. புட் விற்றவருக்கு 1,000 மிஞ்சும்.

ஆனால் இடையில் ஒரு நாள் பங்கு 465க்கு இறங்கிவிட்டு, காலாவதிக்குள் 495க்கு ஏறிவிட்டால்? லிமிட் ஆர்டர் போட்டவர் 470இல் வாங்கி 25 மேலே நிற்கிறார். புட் விற்றவருக்குப் பங்கு வரவே இல்லை, பிரீமியம் 10 மட்டுமே. இன்னும் முக்கியமானது மோசமான செய்தி வரும் நாள். காலாண்டு முடிவுகள் ஏமாற்றி, மறுநாள் பங்கு நேராக 410இல் திறந்தால், 470இல் ஆர்டர் போட்டு வைத்திருந்தவருக்கு அது 410ஐ ஒட்டிய விலையிலேயே நிறைவேறும். அல்லது செய்தியைப் பார்த்த உடனே, சந்தை திறப்பதற்குள் ஆர்டரை ரத்து செய்துவிடவும் முடியும். புட் விற்றவருக்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது. பங்கு மீளாவிட்டால் அவர் 480 கொடுத்தே வாங்க வேண்டும், அல்லது பெரும் நட்டத்தில் புட்டைத் திரும்ப வாங்கி வெளியேற வேண்டும். பிரீமியம் என்பது இந்தக் கடப்பாட்டின் விலைதான். எனவே ஒரு புட்டின் பிரீமியம் வழக்கத்துக்கு மாறாகப் பெரிதாகத் தெரிந்தால், காலாவதிக்குள் முடிவு அறிவிப்போ வழக்குத் தீர்ப்போ வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வருமானால், அது கடந்துபோன பிறகு விற்பதே என் பரிந்துரை. பிரீமியம் குறைந்துதான் இருக்கும், இருக்கட்டும்.

அடுத்தது பணம். 480 ஸ்ட்ரைக், 100 பங்குகள் என்றால் கடப்பாடு 48,000. வரும் பிரீமியம் 1,000ஐக் கழித்தால், நம் கையிலிருந்து ஒதுக்க வேண்டியது 47,000. அந்த 47,000க்கு 35 நாட்களில் 1,000 என்பது சுமார் 2.1 சதவீதம், இந்த விகிதத்தைக் கணக்கிட வேண்டியது முழுத் தொகையின் மீதுதான். புரோக்கர் முன்பிணையாகக் கேட்கும் மார்ஜின் இதைவிட மிகக் குறைவாக இருக்கலாம் என்பதில்தான் ஆபத்து தொடங்குகிறது. ஒரு லாட்டுக்கு மார்ஜின் 12,000 என்று வைத்துக்கொள்வோம். கையில் 48,000 இருப்பவர் நான்கு லாட் விற்க முடியும். பிரீமியமும் 4,000 வரும். அவருடைய கடப்பாடோ 1,92,000 ஆகிவிடுகிறது. பங்கு 400இல் முடிந்தால், ஒரு லாட் விற்றவருக்கு அன்றைய நிலையில் 7,000 நட்டம். ஆனால் 100 பங்குகள் முழுப் பணத்துக்கு வாங்கி அவர் கையில் இருக்கின்றன, காத்திருக்க அவரால் முடியும். நான்கு லாட் விற்றவருக்கு 28,000 நட்டம், 400 பங்குகளை வாங்கப் பணமும் இல்லை. பெரும்பாலும் காலாவதி வரைகூட அவரால் தாங்க முடியாது. விலை இறங்க இறங்க மார்ஜின் தேவை கூடிக்கொண்டே போவதால், மிக மோசமான விலையில் வெளியேறும்படி ஆகிவிடும். நடைமுறையில் நான் பார்க்கும் பெரிய நட்டங்கள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. கண்டுபிடிப்பது எளிது: ஸ்ட்ரைக் விலையை லாட் அளவாலும் லாட் எண்ணிக்கையாலும் பெருக்கி, வரும் தொகை ஒதுக்கிய பணமும் பிரீமியமும் சேர்ந்ததை மீறுகிறதா என்று பார்த்தால் போதும்.

ஒதுக்கிய பணம் டெலிவரி நாளில் ரொக்கமாகக் கிடைக்க வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும். வேறு பங்குகளை ஈடாக வைத்து மார்ஜினைச் சமாளிப்பவர்களுக்கு, சந்தை முழுதும் விழும் நாளில் ஈட்டின் மதிப்பும் சேர்ந்தே விழும். ஒரே லாட்டின் முழுக் கடப்பாடு உங்கள் மொத்த முதலீட்டில் பெரும்பகுதியை விழுங்கிவிடுமானால், அந்தப் பங்கை லிமிட் ஆர்டரில் சிறிய எண்ணிக்கையில் வாங்குவதே நல்லது. ஒப்பந்தம் பங்காகவே டெலிவரி ஆகுமா, பணமாகத் தீர்க்கப்படுமா, காலாவதிக்கு முன்பே டெலிவரி கேட்கப்படலாமா என்பதையும் விற்கும் முன் சரிபார்க்க வேண்டும். பணமாகத் தீர்க்கப்படும் புட்டை விற்றால் பங்கு ஒருபோதும் கைக்கு வராது.

விற்ற பிறகு காலாவதி வரை உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 20 நாட்கள் கழித்துப் பங்கு 515க்கு ஏறி, 480 புட் 2க்கு இறங்கியிருந்தால், 1,000இல் 800 நம்முடையதாகிவிட்டது. மீதமுள்ள 200க்காக இன்னும் 15 நாட்கள் 48,000 கடப்பாட்டைச் சுமப்பதைவிட, புட்டைத் திரும்ப வாங்கி முடித்துவிட்டு, 470 என்ற வரம்பு இப்போதும் பொருந்துகிறதா என்று நிறுவனத்தின் கணக்குகளை மறுபடி பார்த்த பிறகே அடுத்த மாத ஸ்ட்ரைக்கைத் தேட வேண்டும்.