பேர் எப்படித் தேயும்? ‘அமார்ட்டைசேஷன்’ என்ற சொல்லும் அதற்கு ஒரு தமிழும்

வேலூர் பக்கத்துக் கடைகளின் கணக்கை வருஷக் கடைசியில் முடிக்கும்போது ஆடிட்டர் அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி, “அமார்ட்டைஸ் பண்ணியாச்சா?” என்பது. கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் அது என்னவென்று தெரியும். காசு போட்ட முதலாளிக்குத்தான் தெரியாது. குடியாத்தத்தில் கைலி வியாபாரம் செய்யும் ஒருவர், தன் கணக்கில் அந்த வரியைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “தறி தேயும் சார், மோட்டார் தேயும். பேரு எப்படி சார் தேயும்?”

அவர் கேட்டது சரியான கேள்வி. அந்த வரியில் நாங்கள் எழுதியிருந்த தமிழ்ச்சொல் ‘தேய்மானம்’. தவறு அந்தச் சொல்லில்தான் இருந்தது.

முதலில் அவர் வாங்கியதைச் சொல்லிவிடுகிறேன். தொழிலை நிறுத்த முடிவு செய்த இன்னொரு குடும்பத்திடமிருந்து, கைலி மடிப்பின் மேல் ஒட்டும் மார்க்கை அவருடைய பார்ட்னர்ஷிப் நிறுவனம் விலைக்கு வாங்கியது. தறி, சரக்கு, கடை எதுவும் வாங்கவில்லை. பேரும் படமும் மட்டும். விலை எட்டு லட்சம். வக்கீல் கூலி, முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து நாற்பதாயிரம். ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொண்டதால் அது விலையில் சேராது. ஆக, 2022 அக்டோபர் 1ஆம் தேதி கணக்கில் ஏறிய தொகை 8,40,000 ரூபாய்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு மார்க்கை இரண்டு விதமாகக் கைக்குக் கொண்டுவரலாம். நிலத்துக்கு நம் ஊரில் இருக்கும் சொற்களே இதற்கும் போதும். ஒன்று குத்தகை: மார்க் அவருடையதாகவே இருக்கும், நாம் வருஷத்துக்கு இவ்வளவு என்று ராயல்டி கொடுத்து ஒட்டிக்கொள்வோம். அது அந்தந்த வருஷத்துச் செலவு, அதோடு முடிந்தது. இன்னொன்று சுத்தக் கிரயம்: கொடுத்தவருக்கு இனி அதில் ஒரு பாத்தியதையும் கிடையாது. இவர் வாங்கியது சுத்தக் கிரயம். பத்திரத்தில் அப்படி எழுதினால் மட்டும் போதாது. சென்னை கிண்டியில் இருக்கும் வணிகக்குறிப் பதிவகத்தில் TM-P படிவம் போட்டு, பதிவேட்டில் உரிமையாளர் பேரை மாற்ற வேண்டும். பத்திரம் எழுதி அலமாரியில் வைத்துவிட்டு, பதிவேட்டில் பழைய ஆள் பேரையே விட்டுவைப்பவர்கள் உண்டு. போலி மார்க் போடுபவன் மேல் வழக்குப் போடப் போகும்போதுதான் அது இடிக்கும்.

சுத்தக் கிரயமாக வாங்கியது சொத்து. ஆனால் தொட முடியாத சொத்து. பள்ளிப் பாடநூல்கள் இதைப் ‘புலனாகாச் சொத்து’ என்கின்றன. நல்ல சொல். சிலர் ‘அருவச் சொத்து’ என்றும் எழுதுகிறார்கள், அதுவும் சரிதான். டிரேட்மார்க்குக்கு ‘வணிகக்குறி’ நிலைத்துவிட்டது. கடைவீதியில் ‘மார்க்’ என்றால் போதும். இந்த இரண்டிலும் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை மூன்றாவது சொல்லில்தான்.

அமார்ட்டைசேஷன் என்பதன் வேர் லத்தீனில் சாவைக் குறிக்கும் ‘மோர்ஸ்’. பழைய பிரெஞ்சில் ‘அமோர்ட்டிர்’ என்றால் சாகடித்தல், மாய்த்தல். ஆங்கிலத்துக்கு வந்தபோது முதலில் நிலத்தோடு ஒட்டிக்கொண்டது: தேவாலயத்துக்கோ மடத்துக்கோ நிலத்தை எழுதிக் கொடுப்பது. அப்படிப் போன நிலம் மறுபடி யார் கைக்கும் மாறாது என்பதால், அதை ‘செத்த கை’யில் விழுந்த நிலம் என்றார்கள். அப்புறம் கடனுக்கு வந்தது: கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் ஒதுக்கிக் கடனை மாய்ப்பது. அடமானத்துக்கு அவர்கள் சொல்லும் ‘மார்ட்கேஜ்’ என்பதிலும் இருப்பது இதே சாவுதான். கடைசியாகத்தான் கணக்குப் புத்தகத்துக்குள் வந்து, புலனாகாச் சொத்தின் விலையை வருஷா வருஷம் கொஞ்சமாகக் குறைத்து ஒன்றுமில்லாமல் ஆக்குவதைக் குறித்தது.

இந்த வரலாறு தெரியாமல் அகராதியைத் திறந்தால் ‘கடன் தீர்த்தல்’ என்று இருக்கும். வீட்டுக் கடனின் மாதத் தவணை அட்டவணைக்கு அது பொருத்தம். ஆனால் கைலி மார்க் வாங்கியவருக்குக் கடனே இல்லை. எட்டு லட்சத்தையும் கையோடு கொடுத்துவிட்டார். அங்கே ‘கடன் தீர்ப்பு’ என்று எழுதினால், வங்கி மேலாளர் யாருக்குக் கடன் என்று கேட்பார்.

‘தேய்மானம்’ கடன் தீர்த்தலைவிடப் பக்கத்தில் வருகிறது, ஆனாலும் பொருந்தவில்லை. தேய்மானம் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது பழைய நகை. ஐந்து பவுன் சங்கிலியைக் கழுத்திலேயே போட்டு இருபது வருஷம் கழித்து எடை போட்டால், கண்ணிகள் உரசி உரசித் தங்கம் குறைந்திருப்பதைத் தராசிலேயே பார்க்கலாம். பயன்படுத்தப் பயன்படுத்தக் குறைவது தேய்மானம். மார்க் நேர் எதிர். ஒட்ட ஒட்ட, விற்க விற்க அதன் மதிப்பு ஏறவும் செய்யும். ஒட்டாமல் விட்டால்தான் அதற்கு ஆபத்து. தொடர்ந்து ஐந்து வருஷத்துக்கு மேல் பயன்படுத்தாமல் கிடந்தால், பதிவேட்டிலிருந்து அதை நீக்கச் சொல்லி இன்னொருவர் மனுப் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதனால்தான் கைலிக்காரருக்கு அந்தச் சொல் உறுத்தியது.

வருமான வரிச் சட்டம் மட்டும் வணிகக்குறியையும் தேய்மானத்துக்குள்ளேயே வைக்கிறது. மீதி மதிப்பில் வருஷத்துக்கு 25 சதவீதம். அது சட்டத்தின் சொல், அந்தக் கணக்கில் அப்படியே எழுத வேண்டியதுதான்.

அப்படியானால் லாப நட்டக் கணக்கில் என்ன எழுதுவது? வாராக்கடனுக்குப் பாடநூல் பழக்கிய ஒரு நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது: போக்கெழுதுதல். இருப்பதை இல்லையென்று எழுதி அனுப்பிவிடுவது. அமோர்ட்டிரின் மாய்த்தலுக்கு இவ்வளவு நெருக்கமான தமிழ் வேறு இல்லை என்று நினைக்கிறேன். அதில் குறைவது ஒன்றுதான். வாராக்கடனை ஒரே அடியாகப் போக்கெழுதுவோம், இதை வருஷம் வருஷமாக எழுதுகிறோம். ஆகவே ‘ஆண்டுவாரிப் போக்கெழுதல்’. மாதவாரி, ஆண்டுவாரி என்று ஏற்கெனவே கணக்கில் புழங்கும் சொல்தான், புதிதாக ஒன்றும் ஆக்கவில்லை. அவரிடம் இப்படிச் சொன்னேன்: “பேரு தேயலைங்க. நீங்க கொடுத்த காசைத்தான் வருஷா வருஷம் போக்கெழுதறோம்.” அவருக்கு உடனே பிடிபட்டது.

அடுத்த கேள்வி அவரிடமிருந்தே வந்தது. எத்தனை வருஷத்துக்கு?

இதில்தான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். பதிவுச் சான்றிதழில் பத்து வருஷம் என்று இருக்கும், அதையே ஆயுள் என்று எடுத்துக்கொள்வார்கள். 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டப்படி பதிவு பத்து வருஷம்தான். ஆனால் கட்டணம் கட்டிப் பத்துப் பத்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். அது உரிமையின் காலம். கணக்குக்கு வேண்டியது பயன்தரும் காலம்: இந்தப் பேர் இன்னும் எத்தனை வருஷம் நமக்குக் காசு கொண்டுவரும்? இந்திய பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் கணக்கியல் தரநிலை 26, பத்து வருஷத்துக்கு மேல் போகாது என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது. மேலே போவதென்றால் வலுவான காரணம் காட்ட வேண்டும். பத்துக்குள் எத்தனை என்பது நம் மதிப்பீடு. பெரிய கம்பெனிகள் பின்பற்றும் இன்னொரு தரநிலையில், ஆயுளுக்கு முடிவே தெரியாத மார்க்கைப் போக்கெழுதாமல் வைத்து, வருஷந்தோறும் மதிப்பைச் சோதிக்கிற வழி உண்டு. குடியாத்தத்துக் கைலிக் கடைக்கு அது வராது.

நாங்கள் உட்கார்ந்து பேசினோம். அந்த மார்க்கைக் கேட்டு வாங்குபவர்கள் யார்? பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் வீட்டுப் பையன்கள் டிராக் பேண்டுக்குப் போய்விட்டார்கள். ஆற்காடு, ஆரணி, திருப்பத்தூர் கடைக்காரர்கள் ஏழெட்டு வருஷத்துக்குப் பயமில்லை என்றார்கள். ஏழு என்று வைத்தோம். அதற்கான காரணத்தை ஒரு தாளில் எழுதிக் கோப்பில் சேர்த்தோம். ஏன் ஏழு என்று பின்னால் யாராவது கேட்டால் பதில் அதில் இருக்கிறது. ஏழு வருஷம் கழித்து யாரும் விலைக்கு வாங்கிக்கொள்வதாக உறுதி கொடுக்காததால் இறுதி மதிப்பு பூஜ்யம். 8,40,000ஐ ஏழால் வகுத்தால் வருஷத்துக்கு 1,20,000. முதல் வருஷம் அரை வருஷம்தான், எனவே 60,000.

வரிக் கணக்கு வேறு. அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை 182 நாள். மார்க்கை அன்றே ஒட்டத் தொடங்கிவிட்டார். 180 நாளுக்குக் குறையாததால் முழு 25 சதவீதம், அதாவது 2,10,000 கிடைத்தது. மூன்று நாள் தாமதித்திருந்தால் அதில் பாதிதான். ஒரே மார்க்குக்கு இரண்டு தொகை வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒன்று லாபம் பார்ப்பதற்கு, மற்றது வரி கட்டுவதற்கு. இரண்டுக்கும் ஒரே பேர் வைத்தால்தான் குழப்பம்.

இன்னொரு தப்பு விளம்பரத்தில் நடக்கும். வாங்கிய அடுத்த வருஷம் பேருந்துகளின் பின்பக்கமெல்லாம் மார்க்கை எழுத வைத்தார். அந்தச் செலவையும் மார்க்கின் விலையோடு சேர்க்கச் சொன்னார். கூடாது. அது அந்த வருஷத்துச் செலவு. இதே காரணத்தால், அவருடைய அப்பா காலத்திலிருந்து இருக்கும் சொந்த மார்க், இதைவிட அதிகம் விற்றாலும், சொத்துப் பட்டியலில் ஒரு ரூபாய்க்கும் இல்லை. காசு கொடுத்து வாங்கிய பேருக்குத்தான் கணக்கில் இடம். உழைத்து உண்டாக்கிய பேரின் அடக்க விலையைத் தனியே பிரித்து நம்பும்படி அளக்க முடியாது என்பதால் தரநிலை அதை ஏற்பதில்லை. அவருக்கு இது வருத்தம்தான். அப்பாவின் மார்க்கைத் தொட்டுக் காட்டி, “இது ஒண்ணுமில்லையா சார்?” என்றார். விற்றால் விலை வரும், வாங்குபவர் கணக்கில் அது ஏறும் என்றுதான் சொல்ல முடிந்தது.

ஆயுள் மதிப்பீட்டை ஒருமுறை போட்டு மறந்துவிட முடியாது, வருஷா வருஷம் பார்க்க வேண்டும். 2025 மார்ச் 31 வரை 60,000, 1,20,000, 1,20,000 என மூன்று லட்சம் போக்கெழுதியாகிவிட்டது, மீதி 5,40,000. பழைய மதிப்பீட்டின்படி இன்னும் நாலரை வருஷம். ஆனால் அந்த வருஷம் கடைகளிலிருந்து திரும்பிய கட்டுகள் கூடின. மலிவு விசைத்தறிக் கைலியைப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். இன்னும் மூன்று வருஷம்தான் என்று அவரே சொன்னார். பழைய வருஷங்களின் கணக்கைத் தொடவில்லை. மீதியை மூன்றால் வகுத்து, 2025-26 முதல் வருஷத்துக்கு 1,80,000 என்று மாற்றினோம். பேரேட்டில் அந்த வரியின் தலைப்பையும் அன்றுதான் மாற்றினேன். ‘தேய்மானம்’ என்பதை அடித்துவிட்டு, ‘வணிகக்குறி – ஆண்டுவாரிப் போக்கெழுதல்’ என்று எழுதினேன்.