ஈறு விலகி வேர் தெரிந்தால்: ஒட்டு அறுவை சிகிச்சை யாருக்குப் பலன் தரும்?

பல் நீண்டுவிட்டது, குளிர்ந்த நீர் பட்டால் சுரீரென்று கூசுகிறது என்று சொல்லி வருபவர்களுக்கு உண்மையில் பல் வளர்ந்திருப்பதில்லை; அதன் கழுத்தை மூடியிருந்த ஈறு விலகி, எனாமல் இல்லாத வேர் வெளியே தெரிகிறது. முப்பதைத் தாண்டிய ஓர் ஆசிரியைக்கு மேல் இடப்பக்கக் கோரைப்பல்லில் ஈறு 3 மில்லிமீட்டர் விலகியிருந்தது. வலக்கையால் கடினமான பிரஷ்ஷைக் குறுக்காக அழுத்தித் தேய்ப்பவர்களுக்கு முதலில் அடிபடும் இடங்களில் அதுவும் ஒன்று. அளவுகோல் கம்பியை ஈறுக்குள் மெல்லச் செலுத்தியபோது கம்பியின் சாயல் ஈறு வழியாகவே தெரிந்தது. இயல்பிலேயே அவ்வளவு மெல்லிய ஈறு உராய்வைத் தாங்காது.

இதே போன்ற விலகல், பற்காரை படிந்து எலும்பைக் கரைக்கும் ஈறு நோயாலும் வரலாம். இரண்டையும் பிரித்தறிய நான் முதலில் பார்ப்பது பற்களுக்கு இடையே முக்கோணமாக நிற்கும் ஈறையும் அதன் அடியிலுள்ள எலும்பையும்தான். அவை குறையாமல் இருந்தால் வேரை முழுமையாக மூட நல்ல வாய்ப்பு உண்டு; பல்லிடை ஈறும் எலும்பும் வெகுவாக இறங்கிவிட்டிருந்தால், எவ்வளவு திறமையாகத் தைத்தாலும் முழுமையாக மூட முடியாது. அத்தகையவர்களுக்கு முதலில் ஈறு நோயைக் கட்டுப்படுத்துவதே சிகிச்சை.

விலகல் சிறிதாக இருந்து, கூச்சம் மட்டுமே தொல்லை என்றால், மென்மையான பிரஷ்ஷும், கூச்சத்தைக் குறைக்கும் பற்பசையும், ஃப்ளூரைடு பூச்சும் பெரும்பாலும் போதும். ஆனால் எந்தப் பற்பசையும், எண்ணெய் கொப்பளிப்பும் விலகிய ஈறை மீண்டும் வளரச் செய்யாது.

ஆசிரியைக்குப் பல்லிடை ஈறு முழுமையாக இருந்தது. தேய்க்கும் முறையை மாற்றி, அது பழக்கமான பிறகே ஒட்டு அறுவை செய்தோம். பழைய பழக்கம் தொடர்ந்தால் புதிய ஈறும் தேய்ந்து விலகும். மரத்துப்போகும் ஊசி போட்டு, வேரைச் சுத்தம் செய்து, மேல்வாய் அண்ணத்தின் உட்பகுதியிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள இணைப்புத் திசுவை எடுத்து வேரின் மேல் வைத்து, பக்கத்து ஈறை நகர்த்தி அதை மூடித் தைத்தோம். வேரின் மேற்பரப்பில் இரத்த ஓட்டம் கிடையாது என்பதால், ஒட்டிய திசு தன்னைச் சுற்றியும் மேலேயும் உள்ள ஈறிலிருந்துதான் ஊட்டம் பெற வேண்டும். முதல் சில நாட்களில் அது அசைந்தால் புதிய இரத்த நாளங்கள் இணையாமல் திசு அழுகிவிடலாம். இதனால்தான் இரண்டு வாரம் அந்த இடத்தில் பிரஷ் படக்கூடாது, உதட்டைத் தூக்கிப் பார்க்கக்கூடாது, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலால் மென்மையாகக் கொப்பளிக்க வேண்டும் என்கிறோம். புகைப்பவர்களுக்கு இந்த இரத்த ஓட்டமே குறைவதால் வேர் மூடப்படும் அளவும் குறைகிறது.

வீக்கமும் அண்ணத்தில் எரிச்சலும் எதிர்பார்க்கக்கூடியவை. அழுத்திப் பிடித்தும் நிற்காத இரத்தக்கசிவு, நாட்கள் செல்லச் செல்லக் கூடும் வலி, துர்நாற்றம், சீழ் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் தையல் பிரிக்கும் நாள்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.