செபி நம்பர் சரி, ஆள் சரியா? பங்கு டிப்ஸ் விற்பவரைச் சரிபார்க்கும் வழி

டெலிகிராமிலும் வாட்ஸப்பிலும் பங்கு டிப்ஸ் விற்பவர்கள் இப்போதெல்லாம் நாம் கேட்கும் முன்பே ‘செபி பதிவு பெற்றவர்’ என்று போட்டுவிடுகிறார்கள். கீழே ஒரு பதிவு எண்ணும் இருக்கும். அந்த எண்ணைப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் தளத்தில் தேடினால் பல நேரம் கிடைத்தும்விடும். சரி, நல்ல ஆள்தான் என்று பணம் அனுப்பிவிடுகிறோம். ஆனால் எண் உண்மையாக இருந்து, அதைக் காட்டுகிறவர் வேறு ஆளாக இருக்கலாம். இன்று நடக்கும் மோசடிகளில் கண்டுபிடிக்கக் கடினமானது இந்த வகைதான்.

முதலில் யாருக்குப் பதிவு தேவை என்று பார்ப்போம். கட்டணம் வாங்கிக்கொண்டு உங்கள் வருமானம், வயது, கடன், பொறுப்பு எல்லாம் கேட்டு ‘நீங்கள் இதில் போடுங்கள்’ என்று சொல்பவர் முதலீட்டு ஆலோசகர். இவர் 2013-ம் ஆண்டு விதிமுறைகளின் கீழ் செபியில் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண் INA என்று தொடங்கும். ‘இந்தப் பங்கை இந்த விலையில் வாங்கு, இந்த விலையில் வில்’ என்று எல்லோருக்கும் பொதுவாகப் பரிந்துரை தருபவர் ஆராய்ச்சி ஆய்வாளர். இவருக்கு 2014-ம் ஆண்டு விதிமுறைகள். எண் INH என்று தொடங்கும். இரண்டிலும் எழுத்துகளுக்குப் பின் ஒன்பது இலக்கங்கள் வரும். டிப்ஸ் விற்பவர் காட்ட வேண்டியது பெரும்பாலும் இந்த INH எண்.

இதற்குப் பதிலாக வேறு காகிதங்களைக் காட்டுவோர் உண்டு. ஜிஎஸ்டி சான்றிதழ், கம்பெனி பதிவுச் சான்று, உத்யம் சான்று எதற்கும் செபிக்கும் சம்பந்தம் இல்லை. என்ஐஎஸ்எம் தேர்வுச் சான்றிதழ் அவர் பரீட்சை எழுதித் தேறினார் என்பதற்கு மட்டுமே சாட்சி. ARN எண் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தருக்கானது. அதை வைத்துக்கொண்டு பங்கு டிப்ஸ் விற்க முடியாது. ‘கல்வி நோக்கத்துக்கு மட்டும்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டு நிஃப்டி ஆப்ஷனில் இத்தனை மணிக்கு இந்த விலையில் நுழையச் சொல்பவருக்கும் பதிவு தேவைதான். அந்த ஒரு வரி யாரையும் காப்பாற்றாது.

இப்போது ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். பெரம்பூரில் ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒருவருக்கு வாட்ஸப்பில் செய்தி வருகிறது: “சார், மூணு மாசத்துக்கு பத்தாயிரம், ஜிஎஸ்டி சேர்த்து 11,800. நாங்க செபி ரிஜிஸ்டர்டு.” கூடவே முத்திரையுடன் ஒரு பிடிஎஃப் சான்றிதழ். அதில் ஒரு நிறுவனத்தின் பெயர், INH எண், வேறொரு மாநில முகவரி. அவருடைய மகள் உட்கார்ந்து சரிபார்க்கிறார்.

வந்த செய்தியில் இருந்த லிங்கைத் தொடவில்லை. www.sebi.gov.in என்று தானே தட்டுகிறார். Intermediaries பகுதிக்குள் Recognised Intermediaries என்ற பட்டியல் இருக்கிறது. அதில் ஆராய்ச்சி ஆய்வாளர்களுக்கு ஒரு பட்டியல், முதலீட்டு ஆலோசகர்களுக்கு இன்னொரு பட்டியல். சரியான பட்டியலைத் திறந்து பதிவு எண்ணைப் போட்டுத் தேடினால் ஒரு பதிவு வருகிறது. பெயர் அதே. முகவரி அதே. பதிவு இன்னும் செல்லுபடியில் இருக்கிறது. இங்கே நிறுத்தியிருந்தால் 11,800 போயிருக்கும்.

அந்தப் பதிவில் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் கூட இருக்கும். நம் ஆட்கள் இதைப் பார்ப்பதே இல்லை. பிடிஎஃப்பில் இருந்த கைபேசி எண் செபி பதிவில் இல்லை. மின்னஞ்சலும் வேறு. சான்றிதழில் ஜிமெயில், செபி பதிவில் நிறுவனத்தின் சொந்த முகவரி. ஜிமெயில் என்பதாலேயே போலி என்று சொல்லிவிட முடியாது. தனியாகத் தொழில் செய்யும் உண்மையான ஆய்வாளர்கள் பலர் ஜிமெயில்தான் வைத்திருக்கிறார்கள். இரண்டும் பொருந்துகிறதா என்பதே கேள்வி. மகள் செபி பதிவில் இருந்த எண்ணுக்கே போன் போட்டார். எடுத்தவர், “நாங்க வாட்ஸப் குரூப்பே நடத்தலைங்க, எங்க பேர்ல யாரோ பண்றாங்க” என்றார். இரண்டு நிமிடத்தில் விஷயம் முடிந்தது.

சான்றிதழில் இருக்கும் எண்ணுக்கு அழைத்து ‘நீங்கள்தானா?’ என்று கேட்பதில் அர்த்தமில்லை. அவர் ஆமாம் என்றுதான் சொல்வார். செபி பதிவில் இருக்கும் எண்ணுக்கு அழைக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் அங்குள்ள மின்னஞ்சலுக்கு எழுதி, இந்தக் கைபேசி எண் உங்களுடையதா என்று கேட்டுப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். ‘இன்னிக்கு மட்டும்தான் ஆஃபர்’ என்று அவசரப்படுத்துவது அந்தக் காத்திருப்பைத் தடுப்பதற்குத்தான்.

பெயரைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் உடனே போலி என்று முடிவு கட்டவும் வேண்டாம். தனிநபராகப் பதிவு செய்தவர் கடைப்பெயர் ஒன்றை வைத்திருப்பார். பட்டியலில் அவருடைய சொந்தப் பெயர் இருக்கலாம். எண்ணை வைத்துத் தேடுவதே சரி. எண்ணைத் தர மறுத்தால் அதுவே பதில்.

அடுத்த கட்டம் பணம் போகும் இடம். யுபிஐயில் கட்டணம் போடும்போது திரையில் செபி பதிவில் இல்லாத ஏதோ ஒரு பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். 2025 அக்டோபர் முதல், முதலீட்டாளரிடம் பணம் வாங்கும் பதிவு பெற்ற நிறுவனங்களுக்கென்று தனி யுபிஐ முகவரி வந்திருக்கிறது. அதில் @ குறிக்குப் பின்னால் valid என்ற சொல்லும் அதையொட்டி வங்கியின் பெயரும் இருக்கும். பணம் செலுத்தும்போது பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் உயர்த்திய குறியும் தெரியும். valid என்ற சொல் @ குறிக்கு முன்னால் இருந்தால் அதற்கு மதிப்பில்லை. அந்தப் பகுதியை யார் வேண்டுமானாலும் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். SEBI Check என்ற வசதியில் யுபிஐ முகவரியையோ, வங்கிக் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையுமோ கொடுத்து, அது பதிவு பெற்றவருடையதா என்று பார்க்கலாம்.

பதிவு எல்லாம் சரியாக இருந்தாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. செபி பதிவு லாபத்துக்கு உத்தரவாதம் இல்லை. பதிவு பெற்றவரும் ‘மாதம் இத்தனை சதவீதம் நிச்சயம்’ என்று சொல்லக் கூடாது. அவர் வாங்கக்கூடியது கட்டணம் மட்டுமே. டிரேடிங் செய்யப் பணத்தைத் தன் கணக்குக்கு அனுப்பச் சொன்னாலோ, டீமேட் கணக்கின் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் கேட்டாலோ, பதிவு இருந்தும் அவர் விதியை மீறுகிறார். நிலையான கட்டணத்துக்கு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,51,000 ரூபாய் என்று உச்சவரம்பும் இருக்கிறது. ‘விஐபி பிளான்’ என்று சொல்லி அதற்கு மேல் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

புகார் எங்கே கொடுப்பது என்பதில் ஒரு குழப்பம் உண்டு. பதிவு பெற்றவர் மீதான புகாருக்கு scores.sebi.gov.in. முதலில் அவரிடமே எழுத்தில் கேட்டுவிட்டு, சரியான பதில் இல்லையென்றால் அங்கே போடலாம். 21 நாளில் அவர் பதில் தர வேண்டும். சம்பவம் நடந்து ஓர் ஆண்டுக்குள் போட வேண்டும். பதிவே இல்லாதவர் அல்லது வேறொருவர் எண்ணைத் திருடியவர் மீது ஸ்கோர்ஸில் போட்டால் பணம் திரும்பி வராது, அது அந்த வேலைக்கான இடம் இல்லை. அப்படிப்பட்டவர் விஷயத்தில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழைக்க வேண்டும், cybercrime.gov.in-இலும் பதிய வேண்டும். பணம் போன கணக்கை முடக்க முதல் சில மணி நேரம்தான் வாய்ப்பு. பணம் அனுப்பியதற்கான யுடிஆர் எண், சாட் ஸ்கிரீன்ஷாட், அந்தப் பிடிஎஃப் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு அழையுங்கள். குரூப்பிலிருந்து வெளியேறுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் அவர்கள் குரூப்பையே அழித்துவிட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுக்க எதுவும் இருக்காது.