முதலானோர்: 'எட் ஆல்' என்ற சுருக்கமும் அது மாற்றிவைக்கும் வரிசையும்

ஆய்வுக் கட்டுரையில் "கயல் முதலானோர் 2014" என்று ஒரு மேற்கோள் வருகிறது. அந்தக் கட்டுரையைத் தேடிக் கடைசிப் பக்கத்துக்குப் போகிறோம். அங்கே கயல் எழுதியவை மட்டும் எட்டு இருக்கின்றன. சில தனியாக எழுதியவை, சில மணியோடு, சில இன்னும் பலரோடு. ஆண்டுகளோ 2012, 2018, 2016, 2011 என்று முன்னும் பின்னும் குதிக்கின்றன. பட்டியல் போட்டவருக்குக் கணக்கு தெரியாதோ என்று தோன்றும். நானே ஒருமுறை, நண்பர் ஒருவரின் ஆய்வேட்டைப் பிழை திருத்தும்போது, இப்படிப்பட்ட பட்டியலை ஆண்டு வரிசைக்கு மாற்றி "சரிசெய்து" கொடுத்துவிட்டேன். அவர் பொறுமையாகத் திருப்பி அடுக்கினார். அந்தக் குதிப்புக்குக் காரணம் 'முதலானோர்' என்ற சொல்தான் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

ஆங்கில வழி வந்த கட்டுரைகளில் இந்த இடத்தில் 'எட் ஆல்' என்று இருக்கும். அது இலத்தீன். 'எட்' என்பது நம் 'உம்'. 'ஆல்' என்பது வெட்டிய சொல். அதனால்தான் புள்ளி அதற்குப் பின்னால் மட்டும் வரும், 'எட்' முழுச்சொல் என்பதால் அதற்குப் புள்ளி இல்லை. வெட்டாமல் எழுதினால் ஆண்களுக்கோ கலந்த கூட்டத்துக்கோ 'அலியீ', பெண்களுக்கு 'அலியாய்', அஃறிணைக்கு 'அலியா' என்று மூன்று வடிவங்கள் உண்டு. வெட்டிவிட்டால் எதைத் தேர்வது என்ற கேள்வியே எழாது. தமிழுக்கு அந்தச் சிக்கல் இல்லை. 'பிறர்' பலர்பால், ஆணும் பெண்ணும் அதற்குள் அடக்கம். அஃறிணைக்குப் 'பிற' இருக்கிறது.

இதற்குத் தமிழில் பரவலாகப் புழங்குவது 'மற்றும் பிறர்'. எனக்கு அது ஒட்டவில்லை. பெயர்களுக்கு நடுவே 'மற்றும்' போட்டு இணைப்பது ஆங்கில வாக்கியத்தின் நிழல். அந்த வேலையை நம் 'உம்' எப்போதோ செய்துவந்தது. 'கயலும் பிறரும்' என்றால் போதும். அதைவிடப் பொருத்தம் 'கயல் முதலானோர்'. முதல் + ஆனோர்: கயலை முதலாக வைத்து எண்ணப்படுகிறவர்கள். முதல் ஆசிரியர் யார் என்பதைச் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. இலத்தீன் சுருக்கத்தில் இது கிடையாது.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 'பிறர்' என்றால் கயல் அதில் இல்லை. 'முதலானோர்' என்றால் கயலும் உள்ளே. கயலும் மணியும் இருவர் மட்டும் எழுதியதைக் 'கயல் முதலானோர்' என்றால் தமிழ் இலக்கணம் தடுக்காது. மேற்கோள் மரபு தடுக்கும். இருவர் எழுதியதற்கு இரு பெயரையும் எழுதியாக வேண்டும்.

இப்போது வரிசைக்கு வருவோம். பெயர்கள் எல்லாம் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. ஸ்பிரிங்கர் பதிப்பகத்தின் பெயர்-ஆண்டு நடையில் அந்த எட்டும் இப்படி நிற்கும்:

கயல் 2012
கயல் 2018
கயல், அரசு 2016
கயல், மணி 2011
கயல், மணி 2015
கயல், மணி, இனியன் 2010
கயல், அரசு, தேவி 2014அ
கயல், மணி, இனியன், தேவி 2014ஆ

முதலில் தனியாக எழுதியவை, ஆண்டு வரிசையில். அடுத்து இருவர் எழுதியவை: இணையாசிரியர் பெயரின் அகரவரிசை முதலில், ஆண்டு அதற்குப் பிறகு. அதனால்தான் அரசுவோடு எழுதிய 2016 மணியோடு எழுதிய 2011-க்கு முன்னால் நிற்கிறது. மூன்றாவது தொகுதி மூவரும் அதற்கு மேற்பட்டோரும் எழுதியவை. இங்கே இணையாசிரியர் பெயரைப் பார்ப்பதே இல்லை. மறுபடி ஆண்டு மட்டும்.

இது ஏன் என்பதை மேற்கோளின் பக்கம் நின்று பார்த்தால் விளங்கும். "கயல், மணி 2011" என்று படித்தவர் கையில் இரண்டு பெயர் இருக்கிறது; அவர் மணியைத் தேடி வருவார். "கயல் முதலானோர் 2014" என்று படித்தவருக்கு மணியையும் தெரியாது, அரசுவையும் தெரியாது. அவர் கையில் இருப்பது கயலும் ஆண்டும்தான். அவருக்குத் தெரியாத பெயரை வைத்து அடுக்கினால் அவர் எப்படித் தேடுவார்? 2014-இல் அப்படி இரண்டு இருப்பதால், இணையாசிரியர்கள் வேறாக இருந்தும் அ, ஆ போட்டுப் பிரிக்கிறோம். கட்டுரைக்குள்ளும் "கயல் முதலானோர் 2014ஆ" என்றே வர வேண்டும். பட்டியலில் எழுத்தைச் சேர்த்துவிட்டு உள்ளே சேர்க்க மறப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ நடை வேறு வழியில் போகிறது. தனியாக எழுதியவை முன்னால் என்பதில் மாற்றமில்லை. மற்ற எல்லாவற்றையும் ஆசிரியர் எண்ணிக்கை பார்க்காமல், இரண்டாம் பெயர், மூன்றாம் பெயர் என்று அகரவரிசையில் கலந்து அடுக்கும். அந்த வழியில் "கயல், அரசு, தேவி 2014" மேலே ஏறி "கயல், அரசு 2016"-க்கு அடுத்து உட்காரும். அதன் பிறகுதான் மணி. "கயல், மணி 2015" முடிந்த பிறகு "கயல், மணி, இனியன் 2010" வரும், ஏனென்றால் பெயர் முடிந்துபோனது பெயர் தொடர்வதற்கு முந்தியது. பட்டியலின் கடைசியில் நால்வர் எழுதிய 2014.

அப்படியானால் "கயல் முதலானோர் 2014" என்று தேடுபவர் என்ன செய்வார்? ஏபிஏ அதற்கு மேற்கோளிலேயே விடை வைக்கிறது. ஆசிரியர்கள் ஒருவர் விடாமல் ஒன்றாகவும் அதே வரிசையிலும் இருந்தால்தான் அங்கே அ, ஆ. ஆசிரியர்கள் வேறு, ஆண்டு ஒன்று, சுருக்கினால் ஒரே மாதிரி என்றால், வேறுபாடு தெரியும்வரை பெயர்களை எழுதிக்கொண்டே போக வேண்டும். நால்வர் எழுதியது "கயல், மணி, பிறர் 2014" ஆகும். 'பிறர்' என்பதில் இனியன், தேவி இருவர் இருக்கிறார்கள். மூவர் எழுதியதில் அரசு வரை எழுதிவிட்டால் மிச்சம் தேவி ஒருவர்தான். ஒருவரைப் பன்மையால் மறைக்கக் கூடாது. எனவே "கயல், அரசு, தேவி 2014" என்று முழுதாக எழுத வேண்டும்.

இந்த இடத்தில் மட்டும் நான் 'முதலானோர்' என்பதை விட்டுவிடுவேன். "கயல், அரசு முதலானோர்" என்று எழுதினால் இருவர் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரிவதால் பன்மை சரிபோலவே ஒலிக்கும், பிழை பிடிபடாது. "கயல், அரசு, பிறர்" என்று எழுதிப் பார்த்தால், பிறர் எங்கே, ஒருவர்தானே என்று உடனே தட்டும். ஒற்றைப் பெயருக்குப் பின் 'முதலானோர்', இரண்டு பெயருக்குப் பின் 'பிறர்' என்று நான் வைத்துக்கொண்டது இதனால்தான்.