பத்திர நகலை வங்கிக்கு அனுப்பும்போது: பெரிய பிடிஎஃப் கோப்பை எங்கே வெட்டுவது

வீட்டுக் கடனுக்காகச் சொத்து ஆவணங்களைப் படித்து லீகல் ஒப்பீனியன் எழுதுவது என் தொழிலில் பெரும் பகுதி. தாய்ப் பத்திரம் முதல் சொத்து வரி ரசீது வரை எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். கோப்பு பெரிதாக இருக்கிறது என்று கடிதம் திரும்பி வந்தால், அதைப் பத்துப் பத்துப் பக்கமாக வெட்டி மறுபடி அனுப்புகிறார்கள். அவற்றில் சில பகுதிகள் வந்து சேரும், சில சேராது. வராத பகுதியில் இருப்பது பெரும்பாலும் மிகப் பழைய பத்திரம்தான். அதைப் பார்க்காமல் உரிமைத் தொடர்ச்சியைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது. கடன் தள்ளிப்போகிறது, முன்பணம் கொடுத்தவர் தவிக்கிறார். இதைத் தடுக்கக்கூடிய விவரங்கள் கொஞ்சம்தான் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவைப் பற்றி. வங்கியின் மின்னஞ்சல் 10 எம்பி வரை ஏற்கும் என்று சொன்னால், 9 எம்பி கோப்பு போய்விடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் போகாது. மின்னஞ்சல் எழுத்துகளை மட்டும் கொண்டுசெல்வதற்காக உருவான ஏற்பாடு. அதனால் இணைப்பாக வைக்கும் கோப்பு, அனுப்பும் நேரத்தில் எழுத்துகளாக மாற்றப்படுகிறது. கோப்பில் உள்ள ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்தாகிறது. வரிகளைப் பிரிக்கும் குறிகளும் சேர்ந்தால் மொத்த எடை ஏறக்குறைய 1.37 மடங்காகிவிடும். இந்த முறைக்கு பேஸ்64 என்று பெயர். பெறும் சர்வர் அளப்பது இப்படிப் பெருத்த கடிதத்தைத்தான், உங்கள் கணினியில் தெரியும் கோப்பின் அளவை அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பல அலுவலகங்களில் இயங்கும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் மென்பொருளை மாற்றாமல் அப்படியே விட்டால், அது ஒரு கடிதத்துக்கு அனுமதிக்கும் உச்ச அளவு 1,02,40,000 பைட். இதை 1.37 ஆல் வகுத்தால் சுமார் 74.7 லட்சம் பைட் வரும். கடிதத்தின் வாசகம், அடியில் தானாகச் சேரும் அலுவலகச் சின்னம் ஆகியவற்றுக்கும் கொஞ்சம் இடம் வேண்டும். ஆகவே 10 எம்பி வரம்புள்ள இடத்துக்கு அனுப்பும்போது ஒவ்வொரு பகுதியையும் 7 எம்பிக்குள் வைக்கச் சொல்கிறேன். வேறு வரம்பாக இருந்தால் அதன் பத்தில் ஏழு பங்கு என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வரம்பு ஒரு கடிதம் முழுவதற்கும் பொருந்துவதால், இரண்டு பகுதிகளை ஒரே கடிதத்தில் இணைத்தால் வெட்டியதன் பயன் போய்விடும்.

உங்கள் பக்கத்து வரம்பு இதில் உங்களைக் காப்பாற்றாது. ஜிமெயிலில் 25 எம்பி வரை இணைக்கலாம். கடிதம் உங்களிடமிருந்து சிக்கலின்றிக் கிளம்பிவிடும், மறுமுனைதான் மறுக்கும். அப்போது திரும்பி வரும் அறிவிப்பில் இதுபோன்ற ஒரு வரி இருக்கும்:

```
552 5.3.4 Message size exceeds fixed limit
```

552 என்ற எண்ணும் size என்ற சொல்லும் தெரிந்தால் முகவரியில் தவறில்லை, அளவில்தான் சிக்கல் என்று புரிந்துகொள்ளலாம். 25 எம்பியைத் தாண்டினால் ஜிமெயில் கோப்பைத் தன் சேமிப்பிடத்தில் வைத்துவிட்டு இணைப்புக்குப் பதிலாக ஒரு சுட்டியை மட்டும் அனுப்பும். வங்கிக் கணினிகளில் அத்தகைய சுட்டிகள் திறக்காமல் போவதை அடிக்கடி பார்க்கிறேன்.

அடுத்தது, பக்கங்களின் எடை. பத்துப் பத்துப் பக்கமாக வெட்டுவது ஏன் தோற்கிறது என்பதற்கு, என் மேசைக்கு வழக்கமாக வரும் ஒரு கட்டை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 78 பக்கம், சுமார் 51 எம்பி. முதலில் 1974ஆம் ஆண்டின் தாய்ப் பத்திரம், முத்திரைத் தாளில் கையால் எழுதியது, 7 தாள், இருபுறமும் சேர்த்து 14 பக்கம். அடுத்து 1998ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம், 9 தாள், 18 பக்கம். பிறகு 2016ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம், 26 பக்கம். கடைசியில் பட்டா, வரி ரசீது, மின் கட்டண ரசீது என்று 20 பக்கம்.

பழைய முத்திரைத் தாளில் பின்னணிக் கோலங்களும் மங்கிய நிறமும் மை ஊறிய திட்டுகளும் நிறைந்திருக்கும். ஸ்கேனர் அவை எல்லாவற்றையும் நிறப் படமாகப் பதிவு செய்கிறது, அத்தகைய படம் எளிதில் சுருங்காது. ஆகவே 1974 பத்திரத்தில் பக்கத்துக்கு 1.1 எம்பி என்றால், 1998இல் 0.9, 2016இல் 0.6 என்று குறைந்துகொண்டே வருகிறது. வெள்ளைத் தாளில் அச்சான ரசீதுகள் பக்கத்துக்கு 0.2 எம்பிதான். இதைப் பத்துப் பத்துப் பக்கமாக வெட்டினால் முதல் பகுதி 11 எம்பி, இரண்டாவது 9.8, மூன்றாவது 9. இந்த மூன்றும் திரும்பிவிடும். பின்னால் உள்ள ஐந்தும் போய்ச் சேரும். வங்கியில் ரசீதுகள் இருக்கும், தாய்ப் பத்திரம் இருக்காது. இரண்டாவதும் மூன்றாவதும் கணினியில் 10 எம்பிக்குக் குறைவாகவே தெரிவதால், அனுப்பியவருக்குக் காரணமும் புரியாது.

அளவைச் சொல்லி வெட்டும் வசதி பல மென்பொருள்களில் இருக்கிறது. PDFsam Basic என்ற இலவச மென்பொருள் உங்கள் கணினியிலேயே இயங்குவது. அதில் Split by size என்ற பிரிவில் 7 எம்பி என்று கொடுத்தால் வேலை முடிந்துவிடும். இந்தக் கட்டு எட்டுப் பகுதிகளில் அடங்கிவிடக்கூடும். கடிதம் திரும்பாது என்ற அளவில் இது சரி. ஆனால் மென்பொருளுக்கு எடை தெரியும், பத்திரம் தெரியாது. ஒரு தாளின் முன்பக்கத்தை ஒரு பகுதியிலும், சார்பதிவாளர் முத்திரையிட்டு எழுதிய பின்பக்கத்தை அடுத்த பகுதியிலும் போட்டுவிடும். சொத்து விவரத்தை நடுவில் வெட்டி, சர்வே எண்ணை ஓரிடத்திலும் நான்கெல்லையை வேறிடத்திலும் வைத்துவிடும். கடிதங்கள் வரிசை மாறிச் சேரும்போது, எந்த நான்கெல்லை எந்தப் பத்திரத்தைச் சேர்ந்தது என்று தேட வேண்டியிருக்கிறது. ஒரே கட்டில் மூன்று பத்திரங்களும் ஒரே நிலத்தைப் பற்றிப் பேசுவதால் இந்தக் குழப்பம் நிஜமாகவே நேர்கிறது.

அதனால் நான் பரிந்துரைப்பது, பத்திரத்தின் எல்லையில் முதலில் வெட்டி, அதற்குள் எடையைப் பார்த்து மறுபடி வெட்டுவது. 1974 பத்திரம் ஆறு, ஆறு, இரண்டு பக்கங்களாகப் பிரிகிறது. ஆறு பக்கம் 6.6 எம்பி, இரட்டை எண்ணில் வெட்டுவதால் தாளின் இருபுறமும் சேர்ந்தே இருக்கும். 1998 பத்திரம் ஆறு ஆறாக மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 5.4 எம்பி. 2016 பத்திரத்தில் சொத்து விவரம் அதன் 18ஆம் பக்கத்தில் தொடங்கி 20இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது, ஒன்பது, எட்டு என்று வெட்டினால் 18க்கும் 19க்கும் இடையில் கத்தி விழும். ஒன்பது, எட்டு, ஒன்பது என்று மாற்றினால் சொத்து விவரம் முழுவதும் மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் வந்துவிடும். ரசீதுகள் 4 எம்பி, ஒரே பகுதி. மொத்தம் பத்துப் பகுதிகள். இரண்டு கடிதம் கூடுதல்தான், ஆனால் ஒவ்வொரு கோப்பும் எந்தப் பத்திரம் என்று சொல்லிக்கொண்டு வரும்.

இதை ஒரே முறையில் செய்ய, அதே மென்பொருளின் Split பிரிவில், குறிப்பிட்ட பக்கங்களுக்குப் பின் வெட்டு என்ற தெரிவில் 6,12,14,20,26,32,41,49,58 என்று கொடுத்தால் போதும். கட்டளை எழுதிப் பழகியவர்கள் qpdf பயன்படுத்தலாம். முதல் வரி முதல் ஆறு பக்கத்தைத் தனிக் கோப்பாக எடுக்கிறது, இரண்டாவது வரி அதில் எத்தனை பக்கம் இருக்கிறது என்று காட்டுகிறது:

```
qpdf kattu.pdf --pages . 1-6 -- 01-1974-p01-06.pdf
qpdf --show-npages 01-1974-p01-06.pdf
```

வெட்டிய பிறகு ஒவ்வொரு பகுதியின் அளவையும் பாருங்கள். ஆறு பக்கக் கோப்பு இன்னும் 50 எம்பி காட்டினால் வெட்டு சரியாக நடக்கவில்லை. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. சில கோப்புகளில் எல்லாப் பக்கங்களும் படங்களின் ஒரே பட்டியலைப் பகிர்ந்துகொள்கின்றன; சில மென்பொருள்கள் ஆறு பக்கத்தை எடுக்கும்போது அந்தப் பட்டியலில் உள்ள எல்லாப் படங்களையும் சேர்த்தே எடுத்துவிடும். மற்றொன்று, பக்கங்களை நீக்கிவிட்டு அதே கோப்பிலேயே சேமிப்பது. பிடிஎஃப் கோப்பில் பழையதை அழிக்காமல், மாற்றத்தை மட்டும் கடைசியில் எழுதிச் சேர்க்க வழி இருக்கிறது. திரையில் அந்தப் பக்கங்கள் மறைந்திருந்தாலும் உள்ளே இருந்துகொண்டிருக்கும், தெரிந்தவர்களால் எடுக்கவும் முடியும். ஆகவே நீக்குவதை விட்டுவிட்டு, வேண்டிய பக்கங்களைப் புதிய கோப்பாக எடுங்கள். முதல் காரணம் என்றால் qpdf கட்டளையில் கோப்பின் பெயருக்குப் பின் --remove-unreferenced-resources=yes என்று சேர்த்தால் தேவையற்ற படங்கள் உதிர்ந்துவிடும்.

வெட்டாமல் சுருக்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ரசீதுகளுக்குச் சரி. பழைய பத்திரத்தைச் சுருக்கினால் கைரேகையும் மங்கிய மையும் முத்திரையின் எழுத்தும்தான் முதலில் போகும். நான் படிக்க வேண்டியவை அவையே. ஸிப் செய்வதாலும் பயனில்லை. ஸ்கேன் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் சில நூறு கேபி குறைந்தால் பெரிது.

இணையத்தில் கோப்பை ஏற்றி இலவசமாக வெட்டித் தரும் தளங்கள் ஏராளம். சொத்துப் பத்திரத்தை அவற்றில் ஏற்ற வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அண்மைக் காலப் பத்திரத்தில் விற்பவர், வாங்குபவர் புகைப்படம், கையொப்பம், கைரேகை, முகவரி, அடையாள அட்டை விவரம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஆள்மாறாட்டம் செய்ய நினைப்பவருக்கு வேறென்ன வேண்டும்? மேலே சொன்ன இரண்டு மென்பொருள்களும் கோப்பை வெளியே அனுப்பாமலே வேலையை முடிக்கின்றன. கணினி மையத்தில் வெட்டக் கொடுத்தால், கிளம்பும் முன் கோப்பை அங்கிருந்தும் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள்.

டிஜிட்டல் கையொப்பத்துடன் பதிவிறக்கிய வில்லங்கச் சான்றை இந்தக் கட்டில் சேர்க்கவே வேண்டாம். அந்தக் கையொப்பம் கோப்பின் பைட் வரிசைக்கு இடப்பட்டது. வேறு கோப்போடு சேர்த்தாலும், அதிலிருந்து ஒரு பக்கத்தை வெட்டினாலும் புதிய கோப்பில் கையொப்பம் செல்லாது. கையொப்பத்தின் படம் மட்டுமே மிஞ்சும். அத்தகைய சான்று பெரும்பாலும் ஒரு எம்பிக்கும் குறைவுதான். பதிவிறக்கிய கோப்பை அப்படியே தனிக் கடிதத்தில் அனுப்புங்கள்.

அனுப்பும்போது ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் கடன் விண்ணப்ப எண்ணும் "பகுதி 3 / 10" என்ற குறிப்பும் இருக்கட்டும். முதல் கடிதத்தில் பத்துப் பகுதிகளின் பட்டியலையும் ஒவ்வொன்றிலும் உள்ள பக்க எண்ணிக்கையையும் எழுதுங்கள். கூட்டினால் 78 வர வேண்டும். அனுப்பி அரை மணி நேரம் கழித்து, திரும்பி வந்த அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்று ஸ்பாம் உட்பட ஒருமுறை பார்த்துவிட்டு, வங்கி அலுவலரைத் தொலைபேசியில் அழைத்து எத்தனை கடிதம் வந்தது என்று கேளுங்கள்.